குட்டி போட்ட பூனைக்கு கால்சியம் சிரப் எவ்ளோ குடுக்கணும்? (ஏற்காடு)

ஒண்டிக்கடை_ரேவதி
வணக்கங்க. எங்க வீட்டு பின்னாடி காப்பி தோட்டத்துல இருந்து வந்து ஒட்டிக்கிட்ட பூனை, செம்பின்னு கூப்புடறோம், அஞ்சு குட்டி போட்டிருக்கு. குட்டிங்களுக்கு இப்ப மூணு வாரம் ஆகப்போகுது, கண்ணெல்லாம் தொறந்துருச்சு. பிரச்சனை அம்மாக்குத்தான். முதுகெலும்பு ஒவ்வொண்ணா கைக்கு தட்டுப்படுது, இடுப்பு ரெண்டு பக்கமும் குழி விழுந்துருக்கு. இத்தனைக்கும் நல்லா சாப்புடுதுங்க, காலைலயும் ராத்திரியும் தயிர்சாதம் கிண்ணம் நிறைய, நடுவுல மூணு தடவை பால், கறி எடுக்கற அன்னிக்கு எலும்பில்லாத கோழி வேகவெச்சு கொஞ்சம். கொஞ்ச நாளா வயிறும் இளகி போகுது. பக்கத்து வீட்டு அக்கா பால் குடுக்கற உடம்புக்கு கால்சியம் பத்தலன்னு சொல்றாங்க. தங்கச்சி மாசமா இருந்தப்ப வாங்கின கால்சியம் சிரப் வீட்ல இருக்கு. எத்தனை எம்எல் குடுக்கலாம், பால்ல கலந்தா பரவால்லயா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பொமரேனியன்_பிரபு
கண்டிப்பா குடுங்க சிஸ்டர். எங்க பொமரேனியன் நாலு குட்டி போட்டு ரெண்டாவது வாரத்துல திடீர்னு கைகால் வெட வெடன்னு நடுங்கி மூச்சு இரைச்சு படுத்துருச்சு, மாட்டாஸ்பத்திரிக்கு தூக்கிட்டு ஓடுனோம், டாக்டர் பாத்த உடனே கால்சியம் இறங்கிருச்சுன்னு நரம்புல ஊசி போட்டாரு, அரை மணி நேரத்துல எந்திரிச்சு நின்னுச்சு. அதுல இருந்து நான் சினையா இருக்கும்போதே சிரப் ஆரம்பிச்சுடுவேன். வருமுன் காக்கணும்ல.

ஓமலூர்_மாணிக்கம்
தம்பி சொல்றது மாட்டுக்கு வர்ற பால் காய்ச்சல் மாதிரியே இருக்கு. கன்னு போட்ட மறுநாள் மாடு கழுத்த மடிச்சு வயித்து மேல வெச்சுக்கிட்டு எந்திரிக்காது, காது ஜில்லுனு இருக்கும், கால்சியம் பாட்டில் ஏத்துனா எந்திரிச்சுக்கும். ஆனா சினைல கால்சியம் குடுக்கறத பத்தி எங்க டாக்டர் நேர்மாறா சொன்னாரு. வத்துக்கறவைல இருக்கும்போது கால்சியம் அள்ளி குடுக்காதீங்க, அப்பறம்தான் பால் காய்ச்சல் வரும்னாரு. பூனைக்கு எப்படின்னு தெரியல, டாக்டருங்க யாராவது சொல்லுங்க.

சூரமங்கலம்_தினேஷ்
எனக்கும் இதே டவுட்தான் ப்ரோ, ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கம் ரெண்டு பூனைக்குட்டி அம்மா இல்லாம கத்திட்டு இருந்துச்சு, எடுத்துட்டு வந்துட்டேன், பாக்கெட் பால்ல தண்ணி கலந்து குடுக்கறேன், கால்சியம் எத்தனை சொட்டு விடணும்?

அஸ்தம்பட்டி_சுஜாதா
தினேஷ் தம்பி, இங்க கேக்கறது அம்மா பூனையோட சாப்பாடு. உங்களுது அம்மா இல்லாத குட்டி, அது வேற. பாக்கெட் பால நிறுத்துங்க, பெட் ஷாப்ல பூனைக்குட்டிக்குன்னே பால் பவுடர் இருக்கு, இன்னிக்கே வாங்குங்க, தனியா ஒரு இழை போடுங்க நான் வந்து சொல்றேன். சொட்டு கால்சியம் எல்லாம் விடாதீங்க.

ரேவதி, எனக்கு தெரிஞ்சு செம்பிக்கு பசி. கால்சியம் அப்பறம் பாக்கலாம். நான் தெருப்பூனைங்க நிறைய பிரசவம் பாத்துருக்கேன், இடுப்பு குழி விழுந்தா முதல்ல சாப்பாட்டதான் மாத்துவேன். தயிர்சாதத்துல வயிறு ரொம்பும், உடம்புக்கு ஒட்டாது. பூனைக்குட்டிக்கு விக்கற ட்ரை ஃபுட் வாங்கி அம்மாவுக்கு வைங்க. குட்டிங்க படம் போட்டிருக்கும், கூச்சப்படாம அம்மாவுக்கு வைங்க. செம்பி எவ்ளோ எடை? குட்டிங்க ஒவ்வொண்ணும் எவ்ளோ? எடை தெரியாம பேசறதுல அர்த்தமில்ல.

ஒண்டிக்கடை_ரேவதி
அக்கா, காப்பிக்கொட்டை நிறுக்கற தராசுல வெச்சு பாத்துட்டோம். செம்பி 2.7 கிலோ. குட்டிங்கள சமையல் தராசுல துணி போட்டு கிண்ணத்துல வெச்சு நிறுத்தேன், 300, 290, 285, 270, கடைசி கருப்பு மட்டும் 205 கிராம். குட்டிங்களுக்கு படம் போட்ட ஃபுட்ட அம்மாவுக்கு குடுத்தா ஒண்ணும் ஆகாதா?

கீதா_வெட்னரி
நான் நாமக்கல் காலேஜ்ல படிச்சு சேலத்துல கால்நடை மருத்துவரா இருக்கேன். பூனையை பாக்காம வைத்தியம் சொல்ல முடியாது, சாப்பாட்டு கணக்கு சொல்ல முடியும்.

ரேவதிம்மா, சிரப்ப தொடாதீங்க. காரணம் கடைசில சொல்றேன், முதல்ல பசி.

இந்த மாதிரி நாட்டுப்பூனை நல்ல உடம்போட இருந்தா 3.2 கிலோ வரும்னு வெச்சுக்குவோம். சும்மா இருக்கும்போது அதுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 கலோரி போதும். அஞ்சு குட்டிக்கு பால் குடுக்கும்போது, அதுவும் மூணாவது நாலாவது வாரம்தான் பால் உச்சம், கிட்டத்தட்ட 490 கலோரி வேணும். ரெண்டரை மடங்கு. இப்ப உங்க கிண்ணத்த பாருங்க. சோறு 100 கிராம்ல 130 கலோரி, தயிர் 100 கிராம்ல 60. பாதிக்கு பாதி பிசைஞ்சா 100 கிராம் தயிர்சாதத்துல 95 தான். 490 வரணும்னா அரை கிலோவுக்கு மேல தயிர்சாதம் அந்த சின்ன வயித்துக்குள்ள போகணும், நடக்காது. பால் 100 எம்எல்ல 60 கலோரி சொச்சம், மீதி பெரும்பாலும் தண்ணி. நிறைய பெரிய பூனைக்கு பால்ல இருக்கற சர்க்கரை செரிக்காது, செம்பிக்கு வயிறு இளகறதுக்கு அதான் காரணமா இருக்கலாம். குடிச்சதும் நிக்கல, இருக்கறதும் போகுது.

பூனைக்குட்டி ட்ரை ஃபுட்ல கிராமுக்கு 4 கலோரி இருக்கும், பிராண்டுக்கு பிராண்டு கொஞ்சம் மாறும். அப்ப 490க்கு 120 கிராம். அத்தனை சின்ன அளவுக்குள்ள அத்தனை சத்து அடங்குதுங்கறதுதான் விஷயம். வளர்ற குட்டிக்கும் பால் குடுக்கற தாய்க்கும் தேவை ஏறக்குறைய ஒண்ணுதான், அதனால பை மேல குட்டி படம் இருக்கறத பத்தி கவலைப்படாதீங்க.

இப்ப கால்சியம். அதே பையோட பின்பக்கம் பாருங்க, கால்சியம் குறைஞ்சது 1 சதவீதம்னு போட்டிருக்கும். 120 கிராம்ல 1 சதவீதம் 1.2 கிராம். இந்த வாரத்துல செம்பிக்கு தேவைப்படறது 1.3 கிராம் வாக்குல. சாப்பாடு சரியா போனா கால்சியமும் கூடவே போயிடும், தனியா ஊத்த வேண்டிய இடமே இல்ல.

பொமரேனியன்_பிரபு
மேடம் அப்ப எங்க நாய்க்கு நடுங்குனது என்ன? டாக்டரே கால்சியம்தான் போட்டாரு.

கீதா_வெட்னரி
பிரபு, உங்க நாய்க்கு வந்தது நிஜமான கால்சியம் இறக்கம்தான், அந்த ஊசிதான் உயிரை காப்பாத்துச்சு, அதுல சந்தேகமில்ல. சின்ன ரக நாய்ங்களுக்கு அது அடிக்கடி வரும். பூனைக்கு அபூர்வம், ஆனா வராதுன்னு இல்ல. நான் ஒத்துக்காதது சினையிலயே சிரப் ஆரம்பிக்கறது. மாணிக்கம் ஐயா சொன்னதுதான் இதுக்கும் பதில்.

கழுத்துல தைராய்டு ஓரத்துல பாராதைராய்டுன்னு ரொம்ப சின்ன சுரப்பிங்க இருக்கு. ரத்தத்துல கால்சியம் குறைஞ்சா எலும்புல இருந்து எடுத்து விடுன்னு உத்தரவு போடறது அதுதான். சினை காலம் பூரா வெளிய இருந்து சிரப் வந்துக்கிட்டே இருந்தா அதுக்கு வேலை இல்லாம மந்தமாயிடும். குட்டி போட்டு பால் பெருகும்போது திடீர்னு நிறைய கால்சியம் வேணும், அப்ப அந்த சுரப்பி வேகமா எழுந்திரிக்காது. எந்த நோய்க்கு பயந்து சிரப் குடுத்தீங்களோ அதுக்கே வழி விட்ட மாதிரி ஆயிடும். மனுஷங்க சிரப்ல வைட்டமின் டி வேற இருக்கும், அது பூனை உடம்புல தேங்கி கிட்னிய கெடுக்கும்.

பயப்பட வேண்டிய அறிகுறி சொல்றேன். குட்டிய கவனிக்காம அங்கயும் இங்கயும் அலையறது, வாய தொறந்து மூச்சு இரைக்கறது, கால் விறைச்சு கட்டை மாதிரி நடக்கறது, தசை துடிக்கறது, அப்பறம் நடுக்கம், வலிப்பு. இதுல ஏதாவது வந்தா உடனே கூடைல போட்டு கிளம்பிடுங்க, காலைல பாத்துக்கலாம்னு விடாதீங்க. நடுங்கற பூனை வாய்ல சிரப் ஊத்தவே கூடாது, நுரையீரலுக்கு போயிடும். நாங்க நரம்புல மெதுவா, இதயத்துடிப்ப கேட்டுக்கிட்டே ஏத்துவோம். அதுக்கப்பறம் குட்டிங்கள கொஞ்ச நேரம் பிரிச்சு வெச்சு பால் பவுடர் குடுக்க சொல்லி, தாய்க்கு வாய் வழியா கால்சியம் எழுதி தருவோம். கால்சியத்துக்கு இடம் அங்கதான்.

ஓமலூர்_மாணிக்கம்
அப்ப எங்க டாக்டர் சொன்னது சரிதானுங்க. நன்றிங்க மேடம்.

செவ்வாப்பேட்டை_நசீர்
ஸாரி, நடுவுல வரேன். கால்சியமே தேவையில்லன்னு படிச்சுட்டு போயிடாதீங்கன்னு சொல்லத்தான். எங்க மாமா கோழிக்கடை வெச்சிருக்காரு, கடைப்பூனைக்கு போன வருஷம் குட்டிங்க பொறந்து அம்மாவுக்கும் அப்பறம் குட்டிங்களுக்கும் தினமும் எலும்பில்லாத கறியும் ஈரலும்தான், ராஜ சாப்பாடு. குட்டிங்க மூணு மாசத்துல குதிக்கவே பயப்பட்டுச்சு, தூக்குனா கத்தும், ஒண்ணு மேசைல இருந்து குதிச்சு பின்னங்கால் முறிஞ்சுச்சு. எக்ஸ்ரேல எலும்பு கண்ணாடி மாதிரி மங்கலா இருந்துச்சு. டாக்டர் கறி மட்டுமே குடுத்ததால வந்ததுன்னு சொன்னாரு. இப்ப நீங்க கால்சியம் வேணாங்கறீங்க, அவர் கால்சியம் பத்தலங்கறாரு, எது சரி?

கீதா_வெட்னரி
ரெண்டும் சரி நசீர், சாப்பாடு எதுங்கறத பொறுத்து. நல்ல கேள்வி, இத விட்டுட்டேன்.

கறில கால்சியம் கிட்டத்தட்ட இல்லவே இல்ல. வேகவெச்ச கோழி நெஞ்சுக்கறி 100 கிராம்ல 165 கலோரி, கால்சியம் 15 மில்லிகிராம் அளவுதான். செம்பியோட 490 கலோரிய முழுக்க கறியிலயே குடுத்தா 300 கிராம் ஆகும், கால்சியம் 45 மில்லிகிராம். தேவை 1300. கறில பாஸ்பரஸ் வேற அதிகம், ரெண்டுக்கும் நடுவுல இருக்க வேண்டிய சமநிலை கெட்டு, உடம்பு எலும்ப கரைச்சு ரத்தத்துக்கு குடுத்துக்கிட்டே இருக்கும். உங்க கடைக்குட்டிங்களுக்கு நடந்தது அதான். ஈரல் தினமும் போனா வைட்டமின் ஏ சேந்துக்கும், சினைல அது குட்டிக்கு அண்ணப்பிளவு மாதிரி குறைய கொண்டு வரலாம்.

அதனால எலும்பில்லாத கறிய மட்டுமே குடுக்கறவங்களுக்குத்தான் கால்சியம் நிஜமா குறையும். முழுச்சத்து ஃபுட் குடுக்கறவங்களுக்கு குறையாது. எல்லாருக்கும் ஒரே சிரப்ப எழுதிவிடறதுதான் தப்பு.

ஒண்டிக்கடை_ரேவதி
இப்ப புரியுது மேடம். சிரப்ப எடுத்து உள்ள வெச்சுட்டேன். ஃபுட் கிலோ அறுநூறுக்கு பக்கம் வருது, ஒரு நாளைக்கு எழுபது ரூபா கணக்கு. முழுசா அதுவே முடியுமான்னு பாக்கறேன். கொஞ்சம் முட்டை, கோழி கலந்துக்கலாமா? ஒரே நாள்ல மாத்திடலாமா?

கீதா_வெட்னரி
கலந்துக்கலாம், ஆனா ஃபுட்தான் அடிப்படையா இருக்கணும். நாலுல மூணு பங்கு ஃபுட், ஒரு பங்கு வேகவெச்ச முட்டையோ கோழியோ. நம்ம பக்கம் முட்டை எப்பவும் கிடைக்கும், ஒரு முட்டைல 70 கலோரி. உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் வேணாம், குழம்புல கிடந்த துண்டு கூட. மாத்தறது நாலஞ்சு நாள்ல. முதல் நாள் பழைய சாப்பாட்டுல கால் பங்கு ஃபுட், அப்பறம் கூட்டிட்டே போங்க, பால மட்டும் இன்னிக்கே நிறுத்திடுங்க. வெதுவெதுப்பான தண்ணில ஊறவெச்சு குடுத்தா தண்ணியும் உள்ள போகும், மலைக்குளிருக்கும் நல்லது. ஒரே தடவைல 120 கிராம் வைக்காதீங்க, நாலஞ்சு தடவையா வைங்க, ராத்திரிக்கு காஞ்ச ஃபுட் கொஞ்சம் கிண்ணத்துலயே இருக்கட்டும். கிண்ணம் குட்டிப்பெட்டிக்கு பக்கத்துல ரெண்டடி தள்ளி. பக்கத்துல இருந்தாத்தான் குட்டிய விட்டுட்டு வந்து சாப்புடும். தண்ணி கிண்ணம் தனியா.

அந்த 205 கிராம் கருப்பு குட்டிய தினமும் நிறுங்க. மத்ததுங்க அந்தந்த வயசுக்கு கிட்டத்தட்ட சரி. ஒரு குட்டி நாளைக்கு 10 கிராமாவது ஏறணும், ரெண்டு நாள் தொடர்ந்து ஏறலன்னா எங்கிட்ட கொண்டு வாங்க. மொத்த குட்டிங்களும் எடை நிக்குதுன்னா தாய்க்கு பால் வத்திருச்சுன்னு அர்த்தம். செம்பி மார தடவி பாருங்க, ஒரு காம்பு மட்டும் கல்லு மாதிரி கட்டி சுட்டா அதுவும் உடனே பாக்க வேண்டியது.

அஸ்தம்பட்டி_சுஜாதா
டாக்டர் சொன்னதுல ராத்திரி கிண்ணம் வைக்கறது மட்டும் ஏற்காட்டுல கஷ்டம் ரேவதி. விடியக்காலைல குரங்கு வந்து கிண்ணத்தோட தூக்கிட்டு போயிடும், பக்கத்து கடுவன் பூனைங்களும் மோப்பம் பிடிச்சு வரும், கடுவன் வந்தா செம்பி குட்டிய வேற எடத்துக்கு தூக்கிட்டு போயிடும். சமையலறை ஓரமா உள்ள வெச்சு கதவ சாத்திடுங்க.

இன்னொரு விஷயம், நான் கோழிக்கழுத்த குக்கர்ல நல்லா வெந்து எலும்பு விரலால அழுத்துனா மாவா நசுங்கற வரைக்கும் வேகவெச்சு மொத்தமா பிசைஞ்சு குடுப்பேன், எலும்பும் உள்ள போயிடும், கால்சியம் கிடைக்கும், செலவும் கம்மி.

கீதா_வெட்னரி
குரங்க பத்தி நான் யோசிக்கல, உள்ள வைக்கறது சரி. குக்கர் கழுத்து விஷயத்துல எனக்கு முழு சம்மதம் இல்ல சுஜாதாக்கா. மாவா நசுங்கினா ஆபத்து குறைவுதான், ஆனா ஒரு சில்லு நசுங்காம தப்பினா தொண்டைலயோ குடல்லயோ குத்தும், அந்த மாதிரி கேஸ் நான் பாத்திருக்கேன். எவ்ளோ எலும்பு எவ்ளோ கறிங்கறதும் ஒவ்வொரு தடவையும் மாறும். அத விட நெத்திலி மாதிரி முள்ளோட முழுசா நசுக்கற சின்ன மீன வேகவெச்சு குடுங்க. பச்சை மீன் வேணாம், கெண்டை வகைல வைட்டமின் பி1ஐ அழிக்கற ஒண்ணு இருக்கு, வேகவெச்சா அது போயிடும்.

அஸ்தம்பட்டி_சுஜாதா
நான் பல வருஷமா குடுக்கறேன் மேடம், ஒண்ணுக்கும் ஆகல, அதனால விடறதுக்கு மனசு வரல. ஆனா புதுசா குடுக்கறவங்க மேடம் சொல்றத கேளுங்க, நசுக்கறதுக்கு கை பழகணும்.

மல்லூர்_மலர்
எங்க பூனை இன்னும் குட்டி போடல, வயிறு நல்லா தெரியுது, மாசக்கணக்கு தெரியல. இப்ப இருந்தே குட்டி ஃபுட் குடுக்கலாமா? நாய்க்கு கடைசி மாசம் மட்டும் கூட்டுனா போதும்னு கேள்விப்பட்டேன்.

கீதா_வெட்னரி
இப்பவே ஆரம்பிங்க மலர். நாய் கடைசி பாகத்துலதான் எடை கூடும், பூனை சினை பிடிச்ச நாள்ல இருந்தே சீரா கூடிட்டே வரும், ஒம்பது வாரத்துல 40 சதவீதம் வரைக்கும். குட்டி போட்டதும் அந்த எடை பூராவும் இறங்காது, பாதிக்கு மேல கொழுப்பா உடம்புலயே தங்கும். அதுதான் அப்பறம் பாலுக்கு கைக்காசு. தெருப்பூனைங்க அந்த கைக்காசு இல்லாமலே குட்டி போடறதாலதான் மூணாவது வாரத்துல செம்பி மாதிரி ஆயிடுது.

அளவு மெதுவா கூட்டி கடைசில வழக்கத்த விட கால் பங்குல இருந்து பாதி வரைக்கும் அதிகமா இருக்கட்டும். கடைசி வாரம் குட்டிங்க வயித்த அமுக்கறதால ஒரே தடவைல நிறைய சாப்புடாது, சின்ன சின்னதா வைங்க. குட்டி போடற அன்னிக்கு சாப்புடாம இருக்கும், பயப்படாதீங்க. போட்டு ஒரு நாள் தாண்டியும் கிண்ணத்த பாக்கலன்னாதான் கர்ப்பப்பைல தொந்தரவா இருக்கும், கூட்டிட்டு வாங்க.

ஒண்டிக்கடை_ரேவதி
அப்டேட். பால் நிறுத்தின மூணாவது நாளே வயிறு கெட்டியாயிருச்சு. ஃபுட் முதல் நாள் மோந்துட்டு போயிட்டா, வெந்நில ஊறவெச்சு மேல முட்டை மஞ்சக்கரு பிசிறி விட்டேன், கிண்ணத்த நக்கி வெச்சுட்டா. இப்ப குட்டிங்க நாலு வாரம், எடை 380, 370, 365, 350, கருப்பு 280. செம்பி 2.9 கிலோ. இடுப்பு குழி இன்னும் இருக்கு ஆனா முதுகெலும்பு முன்ன மாதிரி குத்தல. கருப்பு குட்டி அம்மா கிண்ணத்துல மொகத்த விட்டு ஊறின ஃபுட்ட சப்பிட்டு இருக்கா, விடலாமா?

கீதா_வெட்னரி
விடுங்க, அந்த வயசுல அப்படித்தான் கத்துக்கும், கூழ் மாதிரி இன்னும் கொஞ்சம் நசுக்கி தட்டையான தட்டுல வைங்க. கருப்பும் 75 கிராம் ஏறிருக்கு, நாளைக்கு 10க்கு மேல, நல்ல செய்தி. குட்டிங்க சாப்புட ஆரம்பிச்சதும் கிண்ணம் சீக்கிரம் காலியாகும், அத தாய் சாப்புட்டதா கணக்கு வெச்சு குறைச்சுடாதீங்க. இன்னும் ரெண்டு வாரம் அளவு அப்படியே இருக்கட்டும். குட்டிங்க முழுசா தானா சாப்புடற ஏழெட்டு வாரத்துல செம்பிக்கு மெதுவா குறைச்சு பழைய அளவுக்கு கொண்டு வாங்க, அப்பதான் பால் கட்டாம வத்தும். குட்டிங்களுக்கு பூச்சி மருந்து இப்பவே குடுக்கணும், தாய்ப்பால் வழியாவே புழு வரும், எடை சொல்லி பக்கத்து மருத்துவமனைல வாங்கிக்கங்க. பால் குடுக்கும்போதே திரும்ப சினை பிடிக்கும், கடுவன அண்ட விடாதீங்க. பால் நின்னு ரெண்டு வாரம் கழிச்சு கருத்தடைக்கு தேதி வாங்கிக்கலாம்.

சூரமங்கலம்_தினேஷ்
பால் பவுடர் வாங்கிட்டேன் அக்கா. தனி இழை போட்டுட்டேன், கொஞ்சம் வந்து பாருங்க, ஒண்ணு பாட்டில் பிடிக்க மாட்டேங்குது.